அட்மிஷன் கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா?

வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கன்சல்டன்சியும் மாணவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். முன்பணம் கட்டும் நாளன்றே நீட்டப்படும். மகன் ஒரு பக்கம், தந்தை ஒரு பக்கம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். சில இடங்களில் ஒப்பந்தம் என்று தனியாக ஒன்றும் இருக்காது. ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்ட நிபந்தனைகளோ, மின்னஞ்சலில் வந்த விதிமுறைப் படிவமோதான் ஒப்பந்தம். தாள் எதுவாக இருந்தாலும் அதில் பணத்தைப் பற்றிய கேள்விகள் மூன்றுதான். சர்வீஸ் சார்ஜ் எந்த வேலைக்கு? அட்மிஷன் கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும்? ஸ்காலர்ஷிப் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு யார் பொறுப்பு?

இந்தியாவில் வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவர்களை அந்தச் சட்டம் தொடுவதில்லை. பஞ்சாப் மாநிலம் 2012இல் கொண்டுவந்த சட்டம் இத்தகைய ஆலோசனை நிறுவனங்களையும் உரிமம் பெற வைத்தது. நாடு முழுவதற்குமான அப்படியொரு உரிமச் சட்டம் இல்லை. அதனால் கட்டணத்துக்கு உச்சவரம்போ, எல்லோரும் பின்பற்ற வேண்டிய மாதிரி ஒப்பந்தமோ கிடையாது. மாணவருக்குக் கையில் இருப்பது அவர் கையெழுத்திட்ட தாளும், பொதுவான ஒப்பந்தச் சட்டமும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது

ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள முதலில் கன்சல்டன்சியின் வருமானத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்கு மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்கு, முதல் ஆண்டுக் கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகத் தருகின்றன. ‘எங்கள் சேவை முற்றிலும் இலவசம்’ என்று போர்டு வைத்திருக்கும் அலுவலகங்கள் நடப்பது இந்தப் பணத்தில்தான். மாணவரிடம் வாங்காத கட்டணத்தை அவர் சேரப்போகும் இடத்திடமிருந்து வாங்குகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கமிஷன் தராத பல்கலைக்கழகத்தின் பெயர் அந்தப் பட்டியலில் தானாக வந்து உட்காராது.

ஜெர்மனியின் கதை வேறு. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. எனவே கமிஷன் தரவும் அவற்றிடம் ஒன்றுமில்லை. ஜெர்மனிக்கு அனுப்பும் கன்சல்டன்சிகள் மாணவரிடமே நேரடியாகக் கட்டணம் வாங்குவது இதனால்தான். அதே ஜெர்மனியில் கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அங்கே மாணவரைச் சேர்த்தால் கமிஷன் கிடைக்க வாய்ப்புண்டு. ஆக, ஒரே அலுவலகம் ஒரே மாணவரை வைத்து இரண்டு பக்கமும் வருமானம் பார்க்கும் நிலை அங்கே உருவாக முடியும். ரீஃபண்ட் சிக்கல்கள் பலவற்றின் வேர் இங்கே இருப்பதால், ஜெர்மன் முதுகலைப் படிப்புக்கான ஓர் ஒப்பந்தத்தையே எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்பது பொருத்தம்.

ஒரு கற்பனை வழக்கு

திருச்சியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்த ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். சி.ஜி.பி.ஏ. 7.2. கன்சல்டன்சியின் கட்டணம் 90,000 ரூபாய்; 18 சதவீத ஜி.எஸ்.டி. 16,200 சேர்ந்து 1,06,200. கையெழுத்திடும்போது பாதி, விண்ணப்பங்கள் போகும்போது மீதி. ஒப்பந்தத்தில் அவருக்குப் பிடித்த வரி ஒன்று இருந்தது: ‘ஜெர்மனியில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அட்மிஷன் கிடைக்காவிட்டால் சேவைக் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.’ அதைப் படித்த தைரியத்தில்தான் வீட்டில் பணம் புரட்டினார்கள்.

விண்ணப்பம் ஆறு படிப்புகளுக்குப் போனது. ஐந்து அரசுப் பல்கலைக்கழகங்களில், ஒன்று தனியாரில். ஐந்திலும் மறுப்பு. தனியாரிலிருந்து மட்டும் ஆஃபர் லெட்டர் வந்தது. ஆண்டுக்குப் பல லட்சம் கட்டணம். மாணவியால் அதில் சேர முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கன்சல்டன்சி தந்த பதில்: அட்மிஷன் கிடைத்துவிட்டது, சேராதது உங்கள் முடிவு.

ஒப்பந்தத்தின் சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தப் பதிலை எளிதில் தள்ளிவிட முடியாது. ‘எந்தப் பல்கலைக்கழகத்திலும்’ என்று மாணவி படித்தபோது அவர் மனத்தில் இருந்தது இலவசமாகப் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம். எழுதியவர் மனத்தில் இருந்தது ‘ஏதோ ஒன்று’. கட்டணமில்லாத படிப்பு என்றுதான் ஜெர்மனி அவருக்கு விற்கப்பட்டது. ரீஃபண்ட் வரியில் அந்தச் சொல் மட்டும் இல்லை.

‘அட்மிஷன்’ என்ற சொல்லுக்குள் இன்னும் சில பொறிகள் இருக்கலாம். மொழித் தேர்வு மதிப்பெண்ணோ இறுதிச் சான்றிதழோ பின்னர் தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் வரும் ஆஃபரும் அட்மிஷனாகக் கணக்கிடப்படுமா? முதுகலைக்கு விண்ணப்பித்தவருக்கு ஆயத்தப் படிப்பில் இடம் தந்தால் அது அட்மிஷனா? கேட்ட பாடத்துக்குப் பதில் வேறு பாடத்தில் கிடைத்தால்? இந்தக் கேள்விகளுக்கு ஒப்பந்தம் வாய்திறக்காவிட்டால், பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே விளக்கமாகிவிடும்.

இதற்கு மருந்து மிக எளிது. விண்ணப்பிக்கப்போகும் படிப்புகளின் பெயர்ப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்த்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ‘இணைப்பில் உள்ள படிப்புகளில், கல்விக் கட்டணம் வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முழுமையான அட்மிஷன் கிடைக்காவிட்டால்’ என்று ரீஃபண்ட் வரியை மாற்றி எழுத வேண்டும். பட்டியலைப் பிறகு மாற்றினால் மாணவரின் மின்னஞ்சல் ஒப்புதல் தேவை என்றும் ஒரு வரி. பட்டியலில் உள்ள எந்தெந்தக் கல்வி நிறுவனம் கமிஷன் தருகிறது என்பதையும் அதிலேயே குறிக்கச் சொல்லலாம். நேர்மையான அலுவலகம் இதற்கு மறுக்க வேண்டிய காரணம் இல்லை. ‘எங்களிடம் எல்லோருக்கும் ஒரே ஃபார்மட்தான்’ என்ற பதில் வந்தால், அந்த ஃபார்மட் யாருக்காக எழுதப்பட்டது என்பது விளங்கிவிடும்.

எது முயற்சி, எது குறை

மாணவியின் வழக்கு அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடவில்லை. மறுப்புக் கடிதங்களைத் திறந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மதிப்பெண்ணைத் தங்கள் அளவுக்கு மாற்றிப் பார்க்கும். அங்கே 1 மிகச் சிறந்தது, 4 வெறும் தேர்ச்சி. மாற்றுவதற்கு ‘பவேரிய வாய்ப்பாடு’ என்ற கணக்கு பரவலாகப் பயன்படுகிறது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவரின் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5 என்று எடுத்துக்கொண்டால் இந்த மாணவிக்கு:

1 + 3 × (10 − 7.2) ÷ (10 − 5) = 2.68

விண்ணப்பித்த ஐந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் மூன்று, ‘2.5 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பெண்’ என்று தங்கள் இணையப் பக்கத்திலேயே போட்டிருந்தன என்று வைத்துக்கொள்வோம். 2.5 வருவதற்கு சி.ஜி.பி.ஏ. 7.5 வேண்டும். அதாவது அந்த மூன்று விண்ணப்பங்களும் அனுப்பிய நாளிலேயே தோற்றுவிட்டவை. அரை நிமிடக் கணக்கில் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் இது. மாணவி கட்டணம் கொடுத்தது இதைப் பார்த்துச் சொல்வதற்காகத்தான்.

மீதி இரண்டு மறுப்புகளின் தன்மை வேறு. தகுதி இருந்தது, போட்டியில் இடம் கிடைக்கவில்லை. அதற்குக் கன்சல்டன்சியைக் குறை சொல்ல முடியாது. எந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவும் முகவரின் கையில் இல்லை.

சட்டமும் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யவேண்டிய வேலையில் இருக்கவேண்டிய தரமும் கவனமும் இல்லாமல் போவதை நுகர்வோர் சட்டம் ‘சேவைக் குறைபாடு’ என்கிறது. அட்மிஷன் கிடைக்காதது தன்னளவில் சேவைக் குறைபாடு ஆகாது. வெளியிடப்பட்ட தகுதியைப் பார்க்காமல் விண்ணப்பித்தது, கடைசி நாளைத் தவறவிட்டது, கேட்ட ஆவணத்தை ஏற்றாமல் விட்டது போன்றவை ஆகும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்துக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். அதற்கு மாதங்கள் முன்பே மூடிவிடும் படிப்புகளும் நிறைய. மாணவர் மார்ச் மாதமே ஆவணங்களைக் கொடுத்திருந்தும் விண்ணப்பம் கடைசி நாளுக்குப் பிறகு போயிருந்தால், ரீஃபண்ட் வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் பணத்தைக் கேட்க வழி உண்டு.

இதை நிரூபிக்க மாணவர் கையில் விண்ணப்பக் கணக்கு இருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சில அலுவலகங்கள் மாணவர் பெயரில் தாங்களே ஒரு புதிய மின்னஞ்சல் முகவரி தொடங்கி, கடவுச்சொல்லைத் தங்களிடமே வைத்துக்கொள்கின்றன. எந்தத் தேதியில் விண்ணப்பம் போனது, ஏன் மறுத்தார்கள், ஸ்காலர்ஷிப் பற்றி ஏதாவது கடிதம் வந்ததா என்பது மாணவருக்கு அவர்கள் சொன்னால்தான் தெரியும். விண்ணப்பங்கள் மாணவரின் சொந்த மின்னஞ்சலிலிருந்தே போக வேண்டும், எல்லாக் கடவுச்சொற்களும் அவரிடமும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, ரீஃபண்ட் விதியைவிடவும் சில சமயம் பயன்படும். அசல் சான்றிதழ்களையும் அலுவலகத்தில் விட்டுவைக்கத் தேவையில்லை.

ரீஃபண்ட் கணக்கு

எவ்வளவு திரும்பும் என்பதைக் கணக்கிட, மாணவர் கட்டிய மொத்தப் பணத்தை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்: கன்சல்டன்சி தனக்காக வாங்கியது, கன்சல்டன்சி வழியாக வேறொருவருக்குப் போனது.

இரண்டாவது வகைக்கு ஜெர்மன் விண்ணப்பம் நல்ல உதாரணம். இந்திய மாணவர்களின் ஆவணங்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து ஜெர்மன் மாணவர் விசாவுக்குக் கட்டாயம். அதற்கு 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களின் விண்ணப்பங்களைப் பெற்றுச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் வாங்குகிறது. ஆறு விண்ணப்பங்களும் அதன் வழியே போனால் 75, அத்துடன் ஐந்து முப்பது: ஆக 225 யூரோ. இந்தப் பணம் போனது போனதுதான். கன்சல்டன்சி திருப்பித் தராதது நியாயமே. ஆனால் இவற்றை மாணவரே தன் கார்டில் நேரடியாகக் கட்டுவது நல்லது. ‘இதர செலவுகள் 60,000’ என்று மொத்தமாக வாங்கிவிட்டால் எது யூனி-அசிஸ்ட்டுக்குப் போனது, எது அங்கேயே தங்கியது என்று பிரிக்க முடியாது. கல்விக் கட்டணத்துக்கான முன்பணமும் அப்படித்தான். அது பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போக வேண்டும். விசா மறுக்கப்பட்டால் அதைத் திருப்பித் தருவதா, எவ்வளவு பிடிப்பது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதிப்படி நடக்கும். கன்சல்டன்சியின் தாளில் அதைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் அது பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது.

முதல் வகைப் பணத்துக்கு, வேலையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தொகை எழுதிய ஒப்பந்தமே சண்டை இல்லாதது. மாணவியின் 90,000 இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம்: படிப்புகளைத் தேர்ந்தெடுக்க 15,000; எஸ்.ஓ.பி., பரிந்துரைக் கடிதங்கள் போன்ற ஆவண வேலைக்கு 25,000, விண்ணப்பங்களுக்கு 30,000, ஆஃபர் வந்தபின் விசாவுக்கும் அங்கே போய் இறங்கும்வரைக்குமான உதவிக்கு 20,000. அட்மிஷன் கிடைக்கவில்லை என்றால் கடைசிக் கட்டம் நடக்கவே இல்லை. அந்த 20,000 எந்த வாதமும் இல்லாமல் திரும்ப வேண்டியது. அதற்கு மேலுள்ளதில், ஐந்தில் மூன்று அரசு விண்ணப்பங்களை வீணாக்கிய முதல் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் எவ்வளவு என்பதில்தான் வழக்கு. எழுதிக் கொடுத்த ஆவணங்களுக்கான 25,000ஐ மாணவி பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான். அந்த வேலை நடந்துவிட்டது, அடுத்த பருவத்துக்கும் அவை உதவும்.

கட்டங்கள் இல்லாமல் மொத்தத் தொகையாக எழுதி, ‘எந்த நிலையிலும் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று முடிக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. அந்த வரியோடு எல்லாம் முடிந்துவிட்டதாக மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோருக்குப் பாதகமாக ஒருதலைப்பட்சமாய் எழுதப்பட்டதை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தனியாகவே வரையறுக்கிறது. ஒரு நுணுக்கம்: ஒப்பந்தமே நியாயமற்றது என்ற புகாரை மாநில ஆணையமும் தேசிய ஆணையமும்தான் விசாரிக்கும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று கேட்டால் மாவட்ட ஆணையமே போதும். பெரும்பாலான மாணவர்களுக்குப் பணம் திரும்பினால் சரி, ஒப்பந்த வரியை ரத்துசெய்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அதே சட்டம், குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள்ளும், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திருப்பித் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ரசீது தராததும் அந்தப் பட்டியலில் உண்டு.

ரீஃபண்ட் விதியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நிபந்தனைகளையும் எண்ண வேண்டும். கேட்ட ஆவணங்களை ஏழு நாளில் தரவேண்டும், உண்மை மறைக்கக் கூடாது என்பவை நியாயமானவை. அரியர் எண்ணிக்கையை மறைத்தவருக்காகக் கன்சல்டன்சி பணம் இழக்க வேண்டியதில்லை. ‘தொடர்ந்து இரண்டு இன்டேக் முயன்றும் கிடைக்காவிட்டால்தான்’ என்பது வேறு ரகம். மாணவர் ஒரு வருடம் வீட்டில் காத்திருக்க வேண்டும். அதற்குள் வேலைக்குப் போய்விட்டால் ‘நீங்களே விலகிவிட்டீர்கள்’ என்று விதி திரும்பிக்கொள்ளும். ‘எங்கள் மூலம் அல்லாமல் வேறு வழியில் சேர்ந்தால் 50,000 அபராதம்’ என்ற வரியும் சில தாள்களில் இருக்கும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அபராதமாக எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கேட்க முடியும். எழுதிய தொகை அப்படியே கைக்கு வந்துவிடாது.

ஜி.எஸ்.டி.யை மறந்துவிடக் கூடாது. ‘வரி அரசுக்குப் போய்விட்டது’ என்று சொல்லி அந்த 18 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வது வழக்கம். கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனம் கிரெடிட் நோட் போட்டு அதற்குரிய வரியையும் சரிசெய்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்குக் கால வரம்பு உண்டு: பில் போட்ட நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை. கேட்க வேண்டியதை அதற்குள் கேட்டுவிட வேண்டும். 20,000 திரும்பினால் அதோடு 3,600உம் சேர்ந்து திரும்ப வேண்டும்.

ஸ்காலர்ஷிப் என்ற சொல்

கன்சல்டன்சி விளம்பரங்களில் ஸ்காலர்ஷிப் என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது.

முதலாவது, கட்டணத் தள்ளுபடி. வெளிநாட்டு மாணவர்களை ஈர்க்கச் சில பல்கலைக்கழகங்கள் கட்டணத்தில் ஒரு தொகையைக் குறைத்து அதற்கு ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைக்கின்றன. மதிப்பெண் ஓரளவு இருந்தாலே தானாகக் கிடைத்துவிடும். துணிக்கடை ஆடித் தள்ளுபடிபோலத்தான். இதை ஒரு கன்சல்டன்சி ‘உறுதி’ என்று சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் அதை வாங்கித்தந்ததற்குத் தனிக் கட்டணம் கேட்டால் அது பொருந்தாது.

இரண்டாவது, பல்கலைக்கழகமோ அதன் துறையோ போட்டி வைத்துத் தருவது. மூன்றாவது, அரசுகளும் பொது அமைப்புகளும் தருவது: ஜெர்மனியின் டாட், பிரிட்டனின் செவனிங், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், இந்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை போன்றவை. இந்த இரண்டு வகையிலும் தேர்வுக் குழுவுக்கு வெளியே இருக்கும் யாராலும் எதையும் உறுதிசெய்ய முடியாது. டாட், செவனிங் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. ‘ஸ்காலர்ஷிப் பிராசஸிங் சார்ஜ்’ என்று ஒரு வரி ரசீதில் இருந்தால், எந்த ஸ்காலர்ஷிப், எந்த வேலைக்கு என்று அப்போதே கேட்டுவிடலாம்.

ஜெர்மனி விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணமே இல்லாத இடம், ‘100 சதவீத ஸ்காலர்ஷிப்புடன் அட்மிஷன்’ ஆகிவிடுகிறது. எல்லோருக்கும் இலவசமான ஒன்றை இந்த மாணவருக்குப் போராடி வாங்கியதுபோல் ஒரு தோற்றம். அதிலும் இலவசம் எல்லா இடத்திலும் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலத்திலிருந்து முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்கத் தொடங்கியது. ‘டாய்ச்லாண்ட்ஸ்டிப்பெண்டியம்’ என்ற உதவித்தொகையும் விளம்பரங்களுக்கு ஏற்ற பெயர்தான். மாதம் 300 யூரோ; பாதி ஜெர்மன் மத்திய அரசுடையது, பாதி தனியார் கொடையாளர்களுடையது. யாருக்கு என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே தன் மாணவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. திருச்சியில் ஒப்பந்தம் போடும் நாளில் அதற்கு உறுதி தர யாருக்கும் வழியில்லை.

சிக்கல் என்னவென்றால், வாக்குறுதி வாயிலும் வாட்ஸ்ஆப்பிலும் வருகிறது. மறுப்பு ஒப்பந்தத்தில் வருகிறது. ‘ஸ்காலர்ஷிப் பல்கலைக்கழகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது, இந்தத் தாளில் இல்லாத எந்த வாக்குறுதியும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது’ என்று ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும். கவுன்சலர் சொன்னதற்கு நிறுவனம் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். இந்த வரி மாணவரின் வாதத்தைப் பலவீனமாக்கும், ஆனால் அழித்துவிடாது. பொய்யான வாக்குறுதி தந்து ஒப்பந்தம் செய்ய வைத்தால், ஏமாந்தவர் அதிலிருந்து விலகிக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு விதிகளும், விளம்பரத்தின் முக்கிய வாக்குறுதிக்கு முரணாகப் பொறுப்புத் துறப்பு வாசகம் இருக்கக் கூடாது என்கின்றன. பேனரில் பெரிதாக ‘உறுதி’, மூலையில் சிறிதாக ‘நிபந்தனைக்கு உட்பட்டது’ என்ற உத்தியைக் குறிவைத்த விதி அது.

எனவே விளம்பரத் தாளையும், வாட்ஸ்ஆப் உரையாடலையும், கவுன்சலர் எழுதிக்காட்டிய துண்டுச் சீட்டையும் வைத்திருப்பது வீண் வேலை ஆகாது. அதைவிட நல்லது, கையெழுத்துக்கு முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது: ‘இன்று பேசியபடி, இந்தப் பல்கலைக்கழகத்தில் இவ்வளவு தொகைக்கு ஸ்காலர்ஷிப் உறுதி என்றீர்கள், இதன் பெயர், தருபவர், தொகை, கிடைக்காவிட்டால் எனக்குத் திரும்பும் பணம் ஆகியவற்றை உறுதிப்படுத்துங்கள்.’ அதற்கு வரும் பதில், அல்லது பதில் வராமல் இருப்பது, பணம் கட்டலாமா என்பதைச் சொல்லிவிடும்.

மறுத்தால் எங்கே போவது

மாணவியின் முதல் வேலை, நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்பது. கட்டிய தொகை, தேதி, மூன்று விண்ணப்பங்களில் வெளியிடப்பட்டிருந்த தகுதி, மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணம், கேட்கும் தொகை. மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பலாம். கோபத்தைவிடத் தேதிகள் அதிகம் பேசும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. நிறுவனத்தை அழைத்துப் பேசுவார்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பணம் கேட்க உரிமை பிறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மாணவி இருப்பது திருச்சி, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பெங்களூரு என்றால் திருச்சியிலேயே வழக்குத் தொடுக்கலாம். புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே தொடரும் உரிமையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. ‘எல்லாத் தகராறும் பெங்களூரு நடுவர் மன்றத்துக்கே’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது, எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் இதைத் தெளிவாக்கியது.

போலீஸ் புகார் தனி வழி. வேலையைச் சரியாகச் செய்யாததெல்லாம் மோசடிக் குற்றம் ஆகிவிடாது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். போலி ஆஃபர் லெட்டர், பல்கலைக்கழகத்துக்கு என்று வாங்கி அங்கே போய்ச் சேராத முன்பணம் ஆகியவை அந்த வகை. கனடாவில் 2023இல் இந்திய மாணவர்கள் பலர், தங்கள் முகவர் தந்த அட்மிஷன் கடிதம் போலி என்று பல வருடம் கழித்துத் தெரிந்து, நாடு கடத்தப்படும் அபாயத்தில் நின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு அட்மிஷன் கடிதத்தையும் கல்வி நிறுவனத்திடமே சரிபார்க்கும் முறையைக் கனடா கொண்டுவந்தது. மாணவரும் இதையே செய்யலாம்: ஆஃபர் லெட்டர் வந்ததும், அதில் அச்சிட்ட முகவரிக்கு எழுதாமல், பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள அட்மிஷன் அலுவலக முகவரிக்கு எழுதிக் கேட்டால் போதும்.

திருச்சி மாணவியின் கணக்குக்குத் திரும்பினால், அவர் முழு 1,06,200ஐ எதிர்பார்ப்பது அதிகம். நடக்காத விசா கட்டத்துக்கு வரியோடு 23,600 உறுதியாகக் கேட்கலாம். தகுதியில்லாத மூன்று படிப்புகளுக்கு விண்ணப்பிக்க வைத்ததற்காக, படிப்புத் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் வாங்கிய 45,000இல் ஒரு பங்கையும், அந்த விண்ணப்பங்களுக்கு யூனி-அசிஸ்ட்டில் கட்டிய யூரோக்களையும் இழப்பீடாகக் கேட்கலாம். ஏ.பி.எஸ். சான்றிதழ் அவர் கையில் இருக்கிறது. அடுத்த பருவத்துக்கும் அது செல்லும்.